மூன்று வயதுக் குழந்தை காசை விழுங்கியதாகச் சொல்கிறாள்: காலை வரை பொறுக்கலாமா?

மலர், உசிலம்பட்டி | இரவு 7.50

அவசரம். என் மகளுக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. ஆறரை மணி போல அவளுடைய அப்பத்தாவின் சுருக்குப்பையை அவிழ்த்துக் காசுகளைப் பாயில் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று இருமினாள், கண் கலங்கியது, பிறகு சரியாகிவிட்டது. கேட்டால் தொண்டையைத் தொட்டுக் காட்டி "காசு" என்கிறாள். யாரும் பார்க்கவில்லை. இப்போது மூச்சு நன்றாக இருக்கிறது, பேசுகிறாள். ஆனால் பால் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள், எச்சில் கொஞ்சம் வழிகிறது. வாழைப்பழம் கொடுத்தால் இறங்கிவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஊரிலிருந்து உசிலம்பட்டிக்குப் போகவே அரை மணி நேரம் ஆகும். இப்போதே கிளம்ப வேண்டுமா?

முருகேசன், வாடிப்பட்டி | இரவு 7.56

பயப்படாதே தங்கச்சி. என் மகன் நான்கு வயதில் ஒரு ரூபாயை விழுங்கினான். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "வயிற்றுக்குள் போய்விட்டது, தானாக வந்துவிடும்" என்று அனுப்பிவிட்டார். அப்படியே வெளிக்குப் போகும்போது வந்துவிட்டது. வழவழப்பான பொருள் எங்கும் குத்தாது. இரண்டு வாழைப்பழம் கொடு, கூடவே நிறையத் தண்ணீர் கொடு. இந்த நேரத்தில் குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம்.

கயல், குழந்தை அறுவை மருத்துவர், மதுரை | இரவு 8.01

மலர், வாழைப்பழம் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இப்போதே கிளம்புங்கள்.

முருகேசன் அண்ணா சொல்வது வயிற்றுக்குள் போய்விட்ட காசுக்குப் பொருந்தும். அவருடைய மகனுக்கு எக்ஸ்ரே எடுத்து, இரைப்பையில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் குழந்தை பாலை மறுக்கிறாள், எச்சில் வழிகிறது. தன் எச்சிலையே அவளால் விழுங்க முடியவில்லை என்றால் காசு இன்னும் உணவுக்குழாயில், பெரும்பாலும் கழுத்தின் அடிப்பகுதியில் நிற்கிறது என்று பொருள். அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடம் அதுதான். மேலே இருந்து பழத்தைத் தள்ளினால் காசு இறங்காது. பழமும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும். எடுக்க மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

விரலை விட்டுத் துழாவாதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அவளுக்கு எப்படி உட்கார்ந்தால் வசதியோ அப்படியே மடியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, உதடு நீலமானாலோ வண்டியை நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு கேள்வி. இதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். அது காசுதான் என்று எப்படித் தெரியும்? பாயில் வேறு என்ன கிடந்தது? பேட்டரி போடும் பொம்மை, ரிமோட், தராசு, மின் அகல் ஏதாவது?

மலர், உசிலம்பட்டி | இரவு 8.06

பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுக்கிறார். டாக்டர், நீங்கள் கேட்டதும் போய்ப் பார்த்தேன். கார்த்திகைக்கு வாங்கிய பிளாஸ்டிக் அகல் ஒன்று பாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. அடி மூடி கழன்றிருக்கிறது, உள்ளே பேட்டரி இல்லை. முன்பே இல்லையா, இன்றைக்குத்தான் கழன்றதா, யாருக்கும் தெரியவில்லை. சுருக்குப்பையில் எத்தனை காசு இருந்தது என்று அத்தைக்கும் தெரியவில்லை.

கயல் | இரவு 8.08

அப்படியென்றால், எக்ஸ்ரே வேறு விதமாகச் சொல்லும் வரை அதை பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அகலையும், வீட்டில் இருக்கும் ஒரு ரூபாய்க் காசு ஒன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக "பட்டன் பேட்டரியாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். "காசு விழுங்கிவிட்டாள்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். கிளம்புங்கள்.

செல்லம்மாள், திருமங்கலம் | இரவு 8.15

என் பேரனுக்கும் இப்படித்தான் ஆனது. வேர்க்கடலை தின்றுகொண்டே சிரித்தான், புரையேறியது. பிறகு சரியாகிவிட்டான் என்று விட்டுவிட்டோம். அதன் பிறகு இருமல் நிற்கவே இல்லை, ஒரு பக்க நெஞ்சில் மட்டும் விசில் சத்தம் வந்தது. எக்ஸ்ரேயில் கடலை தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் நுரையீரலுக்குள் குழாய் விட்டுத்தான் எடுத்தார்கள். அதனால் எக்ஸ்ரேயை மட்டும் நம்பாதே தாயி, குழாய் விட்டுப் பார்க்கச் சொல்.

ரவி, எக்ஸ்ரே பிரிவு | இரவு 8.24

செல்லம்மாள் அம்மா, உங்கள் பேரனுக்கு நடந்தது வேறு. கடலை மூச்சுக்குழாய்க்குள் போனது. அது எக்ஸ்ரேயில் தெரியாது என்பது உண்மைதான். இந்தக் குழந்தை விழுங்கியது உலோகம் என்பதால் படத்தில் தெளிவாகத் தெரியும். எந்த வழியில் போயிருக்கிறது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். உணவுக்குழாயில் நின்றால் நேர்ப்படத்தில் காசு நம்மைப் பார்த்தபடி முழு வட்டமாக இருக்கும், பக்கவாட்டுப் படத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். மூச்சுக்குழாயில் இருந்தால் பொதுவாக இது மாறி வரும்.

இத்தனை வருடங்களாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வயிற்றை மட்டும் எடுத்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று அனுப்பக் கூடாது. நெஞ்சை மட்டும் எடுத்தாலும் போதாது. கழுத்து முதல் ஆசனவாய் வரை படத்தில் வர வேண்டும், பொருள் தெரிந்த இடத்தில் பக்கவாட்டுப் படமும் வேண்டும். சின்னக் குழந்தையின் உடல் பெரும்பாலும் ஒரே பிளேட்டில் அடங்கிவிடும்.

காசா பேட்டரியா என்பதை ஓரத்தைப் பார்த்துச் சொல்லலாம். காசு ஒரே சீரான வெள்ளை வட்டம். பேட்டரியில் வெளி விளிம்புக்குச் சற்று உள்ளே இன்னொரு வளையம் தெரியும், வட்டத்துக்குள் வட்டம் வரைந்ததுபோல இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் காசு நேர்க்கோடு. பேட்டரியின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சிறியது, அதனால் ஓரத்தில் ஒரு சின்னப் படி தெரியும். படம் அதிக வெளுப்பாக இருந்தால் உள்வளையம் மறைந்துவிடும், எனவே திரையில் வெளிச்சத்தைக் குறைத்து, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய்க் காசு இரண்டு உலோகத்தால் ஆனது, அதிலும் வளையம் போலத் தெரியலாம். இரண்டு காசு ஒட்டிக்கொண்டு நின்றால் படி இருப்பது போலவும் காட்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் பேட்டரி என்றே வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம்.

முருகேசன், வாடிப்பட்டி | இரவு 8.33

பேட்டரி என்றால் இவ்வளவு பதற்றம் எதற்கு? காசைவிடச் சின்னதாகத்தானே இருக்கும்? அகலில் எரிந்து தீர்ந்துபோன பேட்டரியாகக்கூட இருக்கலாம். உள்ளே இருக்கும் அமிலம் ஒழுகினால்தானே ஆபத்து?

கயல் | இரவு 8.45

அண்ணா, கேட்டது நல்லது. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

முதலில் அளவு. மின் அகலிலும் கார்ச் சாவியிலும் எடை பார்க்கும் இயந்திரத்திலும் இருப்பது பெரும்பாலும் சிஆர் 2032 என்ற லித்தியம் பேட்டரி. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2019-இல் வந்த புதிய ஒரு ரூபாய்க் காசின் அகலமும் 20 மில்லிமீட்டர்தான், அதற்கு முந்தையது ஏறக்குறைய 22. குழந்தையின் கைக்கு இரண்டும் ஒன்றுதான், அவளுக்கு அதுவும் "காசு"தான். இந்த அளவுதான் ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்கிறது. கைக்கடிகாரத்தில் இருக்கும் சின்ன பேட்டரி பெரும்பாலும் இறங்கிவிடுகிறது.

இரண்டாவது, பேட்டரி ஒழுக வேண்டியதே இல்லை. ஈரமான குழாயின் இரு சுவர்களுக்கும் நடுவே அது சிக்கியதும் மின்சாரம் திசுவின் வழியாக ஓடத் தொடங்குகிறது. எதிர்முனை, அதாவது மைனஸ் பக்கம், தொடும் இடத்தில் திசுவை அரிக்கும் காரம் உற்பத்தியாகிறது. அடைப்பு நீக்கக் குழாயில் போடும் காஸ்டிக் சோடாவை ஒரே இடத்தில் வைத்து அழுத்தியதற்குச் சமம். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் ஆகிவிடும். தீர்ந்துபோனது என்று நாம் தூக்கிப் போடும் பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்னழுத்தம் மிச்சம் இருக்கும். அந்தக் குழாய்க்கு முன்னால் மூச்சுக்குழாய் இருக்கிறது, பக்கத்தில் மகாதமனி இருக்கிறது. எதிர்முனை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டை விழும்.

அதனால்தான் "நன்றாக விளையாடுகிறாள்" என்பதை வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை. முதல் சில மணி நேரம் பேட்டரி விழுங்கிய குழந்தையும் நன்றாகவே விளையாடும்.

பாண்டியம்மாள், அலங்காநல்லூர் | இரவு 9.02

டாக்டர் அம்மா சொல்வது எங்கள் வீட்டில் நடந்தது. என் தம்பி மகன், ஒன்றரை வயது. சளி, இருமல், சோறு இறங்கவில்லை. காட்டிய கிளினிக்கில் தொண்டைப் புண் என்று மருந்து கொடுத்தார்கள். மருந்தில் காய்ச்சல் குறைந்தது, ஆனால் கெட்டியாக எதைக் கொடுத்தாலும் துப்பினான், கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. அவன் எதையும் விழுங்கியதை யாரும் பார்க்காததால் அந்த எண்ணமே எங்களுக்கு வரவில்லை. வேறொரு டாக்டர்தான், "கஞ்சி இறங்குகிறது, சோறு இறங்கவில்லை என்றால் நடுவில் ஏதோ இருக்கிறது" என்று நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ரவி தம்பி சொன்ன அந்த இரண்டு வளையம் இருந்தது. வெளியே எடுத்தபோது பேட்டரியின் ஒரு பக்கம் கறுத்துப்போயிருந்தது.

எடுத்ததோடு முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுத்தோம். புண் ஆறிய இடம் சுருங்கிவிட்டது. இப்போதும் அவ்வப்போது மயக்கம் கொடுத்துக் குழாயை விரித்துவிடுகிறார்கள். பையன் தேறி வருகிறான், இட்லி தின்கிறான், ஆனால் நன்றாகப் பிசைந்துதான் கொடுக்க வேண்டும். பேட்டரி எதிலிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. திருவிழாவில் வாங்கிய மினுக்கும் பொம்மை ஒன்றை மட்டும் சந்தேகப்படுகிறோம்.

இளங்கோ, சோழவந்தான் | இரவு 9.10

பேட்டரி விழுங்கினால் தேன் கொடுக்க வேண்டும் என்று படித்தேன். மலர் அக்கா, வழியில் தேன் கிடைத்தால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

கயல் | இரவு 9.19

இளங்கோ, பாதி சரி. 2018-இல் அமெரிக்காவில் பன்றிக்குட்டிகளிடம் செய்த ஆய்வில் தேன் புண்ணின் ஆழத்தைக் குறைப்பதைக் கண்டார்கள். இப்போது பல வழிகாட்டுதல்களில் அது சேர்ந்துவிட்டது. குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், விழுங்க முடிய வேண்டும். அப்படியானால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி, ஆறு முறைக்கு மேல் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கும் கிருமி கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கும்.

இதெல்லாம் போகிற வழியில் செய்வது. தேன் வாங்கக் கடை தேடி ஐந்து நிமிடம் நிற்பதைவிட அந்த ஐந்து நிமிடத்தில் முன்னால் போவது மேல். மலரின் குழந்தை எச்சிலையே விழுங்கவில்லை, அதனால் அவளுக்கு நான் சொல்லவில்லை. மனிதர்களிடம் ஆய்வு போதாது என்று தயங்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பவர்கள் வயிற்றில் எதுவும் வேண்டாம் என்பார்கள். பேட்டரி என்று நிச்சயமாகத் தெரிந்து, பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் நான் கொடுக்கச் சொல்வேன்.

மலர், உசிலம்பட்டி | இரவு 9.34

உசிலம்பட்டியில் எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. "பேட்டரியாக இருக்கலாம்" என்று சொன்னதும் உடனே உள்ளே அழைத்தார்கள். நேர்ப்படம், பக்கப்படம் இரண்டும் எடுத்தார்கள். கழுத்து எலும்புக்குப் பக்கத்தில் வட்டமாக இருக்கிறது. இரண்டாவது வளையம் இல்லை, பக்கவாட்டில் மெல்லிய கோடு. காசுதான் என்கிறார்கள். ஆனால் இங்கே எடுக்க வசதி இல்லை, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 108-இல் ஏறிவிட்டோம். வண்டியில் ஒருமுறை எச்சில் வாந்தி எடுத்தாள், மூச்சு நன்றாக இருக்கிறது.

ரவி, எக்ஸ்ரே பிரிவு | இரவு 9.40

நல்ல செய்தி. படத்தின் உறையை மறக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மயக்கம் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார்கள், அதற்காகக் கோபப்படாதீர்கள். போகிற வழியிலேயே காசு இரைப்பைக்கு இறங்கிவிடுவதும் உண்டு, இறங்கியிருந்தால் மயக்கமே தேவைப்படாது.

முருகேசன், வாடிப்பட்டி | இரவு 9.47

காசுதான் என்று தெரிந்துவிட்டதே, இனிமேல் காலை வரை பார்க்கலாம் அல்லவா? காசு உணவுக்குழாயில் இருந்தாலும் ஒரு நாள் வரை பொறுக்கலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னதாக நினைவு.

கயல் | இரவு 9.58

அவர் சொன்னது சரிதான். குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல், எச்சில் விழுங்கிக்கொண்டு, மூச்சு நன்றாக இருந்தால், மருத்துவமனையின் கண்காணிப்பில் 12 முதல் 24 மணி நேரம் வரை காத்திருந்து மறுபடி படம் எடுப்போம். நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் தானாக இறங்கிவிடும், அதிலும் காசு கீழ்ப்பகுதியில் நின்றால் வாய்ப்பு அதிகம். மேலே கழுத்தருகே நிற்பவை இறங்குவது குறைவு. ஆனால் எச்சில் வழிந்தால், வாந்தி இருந்தால், கழுத்து வலித்தால் காத்திருப்பதில்லை, வயிறு காலியாவதை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடுவோம். எப்போது விழுங்கியது என்றே தெரியாவிட்டாலும் அப்படித்தான். காசு ஒரு நாளைக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் அதுவும் சுவரை அரிக்கும்.

முதலில் எடுத்த படத்தைப் பார்த்ததுமே எடுத்துவிடலாம் என்பவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள், ஒரு இரவு பொறுப்போம் என்பவர்களும் இருக்கிறார்கள். அது மருத்துவமனையைப் பொறுத்தது, அன்றைக்கு மயக்க மருத்துவர் இருப்பதைப் பொறுத்தது. வீட்டில் வைத்துக் காத்திருக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

மலர், உசிலம்பட்டி | மறுநாள் காலை 6.20

எடுத்துவிட்டார்கள். ஒரு ரூபாய்க் காசு. வந்ததும் மறுபடி படம் எடுத்தார்கள், அதே இடத்திலேயே நின்றது. வயிறு காலியாவதற்காகக் காத்திருந்தார்கள், பிறகு மயக்கம் கொடுத்து வாய் வழியாகவே எடுத்தார்கள். உள்ளே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை, அவ்வளவு சீக்கிரம். குழாயின் சுவர் கொஞ்சம் சிவந்திருக்கிறது, புண் இல்லை என்றார்கள். தண்ணீர் குடித்துவிட்டாள், இப்போது இட்லி கேட்கிறாள். அகலின் பேட்டரி மட்டும் எங்கே என்று தெரியவில்லை. அத்தை வீடு முழுவதும் பெருக்கித் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் காசோடு பேட்டரியையும் சேர்த்து விழுங்கியிருக்க முடியுமா?

கயல் | காலை 6.41

அதற்காகத்தான் கீழே வயிறு வரை படம் எடுப்பது. இரண்டாவதாக ஏதாவது இருந்தால் படத்தில் தெரிந்திருக்கும். எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இன்று மென்மையான உணவு போதும், தொண்டை வலிக்கிறது என்பாள், அது சரியாகிவிடும். காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சு அல்லது கழுத்து வலி கூடினாலோ, கழுத்துத் தோலைத் தொட்டால் நொறுநொறுவென்று இருந்தாலோ உடனே திரும்பி வாருங்கள்.

பாண்டியம்மாள், அலங்காநல்லூர் | காலை 7.05

மலர், நல்ல செய்தி கேட்டு வயிறு குளிர்ந்தது. அந்தப் பேட்டரி கிடைக்கும் வரை தேடச் சொல். வீட்டில் தவழும் குழந்தை வேறு யாராவது இருக்கிறார்களா?

மலர், உசிலம்பட்டி | காலை 7.12

இருக்கிறான் அக்கா. என் கொழுந்தனார் மகன், பத்து மாதம். நேற்று மாலை அவனும் அதே பாயில்தான் இருந்தான். இப்போது நன்றாக இருக்கிறான், பால் குடித்தான்.

கயல் | காலை 7.14

பேட்டரி கையில் கிடைக்கவில்லை என்றால் அவனுக்கும் இப்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். உசிலம்பட்டியிலேயே போதும். தேன் கொடுக்காதீர்கள், அவனுக்கு ஒரு வயது ஆகவில்லை.

மலர், உசிலம்பட்டி | காலை 7.15

கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டேன். வண்டியை எடுத்துவிட்டார்.

முருகேசன், வாடிப்பட்டி | காலை 7.30

டாக்டர், என் மகனுக்கு அன்றைக்குக் காசு வயிற்றில் இருந்தது. அப்படி இருந்தால் எத்தனை நாள் பார்க்கலாம்? எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரமாகியும் வரவில்லை என்று பயப்படுகிறார்கள்.

கயல் | காலை 8.10

இரைப்பைக்குப் போய்விட்ட காசு பெரும்பாலும் சில நாட்களில் வந்துவிடும். வழக்கமான சாப்பாடு போதும், பேதி மருந்து வேண்டாம். மலத்தைப் பழைய சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரியும். இரண்டு வாரத்தில் கண்ணில் படவில்லை என்றால் இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பல நேரம் யாரும் கவனிக்காமல் எப்போதோ போயிருக்கும். நான்கு வாரமாகியும் இரைப்பையிலேயே கிடந்தால் எண்டோஸ்கோபி செய்து எடுத்துவிடுவோம். வயிற்று வலி, வாந்தி, கறுப்பு மலம் இருந்தால் எத்தனை நாள் என்று எண்ணாமல் அன்றைக்கே வர வேண்டும்.

அந்தப் பிள்ளை விழுங்கியது காசுதான் என்று படத்தில் பார்த்தார்களா, காந்தமா என்று கேளுங்கள் அண்ணா. சின்னக் காந்தம் இரண்டு உள்ளே போயிருந்தால், குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அந்த இடத்தில் ஓட்டை விழும். அதற்கு இரண்டு வாரக் கணக்குப் பொருந்தாது.

மலர், உசிலம்பட்டி | காலை 9.25

கொழுந்தனார் மகனுக்குப் படம் எடுத்தாகிவிட்டது. எதுவும் இல்லை. பேட்டரி இன்னும் கிடைக்கவில்லை.